கிளையன்ட் கால்: ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் ஆங்கிலம் பேசிப் பழக ஒரு வழிகாட்டி

லண்டனில் காலை 9.30 மணிக்கு நடக்கும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் சென்னைக்கு மதியம் 2 மணிக்கு வரும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பிறகு மார்ச் கடைசி ஞாயிறு வரை அதே மீட்டிங் நமக்கு 3 மணிக்கு. மொத்தம் 15 நிமிடம்தான். எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. வேலையில் சேர்ந்த புதிதில் பலரையும் படுத்துவது இந்த இரண்டு நிமிடம்தான். மெயில் எழுதிவிடுவார்கள், டாக்குமென்ட் படித்துவிடுவார்கள், தங்கள் பெயரைக் கூப்பிட்டதும் தடுமாறுவார்கள்.

ஆங்கிலம் முழுவதையும் சரிசெய்துவிட்டுத்தான் மீட்டிங்கில் பேசுவேன் என்று காத்திருந்தால் அது நடக்கப்போவதில்லை. ஸ்டாண்ட்-அப்பில் வரும் ஆங்கிலம் மிகச் சின்னது. நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன செய்யப்போகிறேன், எது தடுக்கிறது என்ற மூன்றையே நாள்தோறும் வேறு வேறு வேலையைப் பற்றிச் சொல்கிறோம். அதனால் இந்த ஒரு மீட்டிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு பழகினால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். இங்கே சொல்வது ஐடி வேலையை வைத்துத்தான். ஏற்றுமதி நிறுவனத்தில் வாங்குபவரோடு பேசும் மெர்ச்சண்டைசருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் வரிசையை மாற்றுங்கள்

ஒரு டெஸ்டர். பேமெண்ட் பகுதியைச் சோதிக்க வேண்டும், சர்வர் படுத்துவிட்டதால் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது. அவர் மீட்டிங்கில் சொல்வது இப்படி இருக்கும்:

"குட் ஆஃப்டர்நூன் ஆல். ஆக்சுவலி யெஸ்டர்டே சர்வர் வாஸ் டவுன், ஸோ ஐ வாஸ் செக்கிங் வித் நெட்வொர்க் டீம், தே ஆர் டெல்லிங் ரீஸ்டார்ட் இஸ் நீடட், தென் ஈவ்னிங் ஒன்லி இட் கேம், ஸோ பேமெண்ட் டெஸ்டிங் ஐ ஆம் டூயிங், விதின் தர்ஸ்டே ஐ வில் ட்ரை டு கம்ப்ளீட்."

இதில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன. ஆனால் லண்டன்காரரைக் குழப்புவது அவை அல்ல. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வேலை முடியுமா, எப்போது? அந்தப் பதில் கடைசியில் வருகிறது, அதுவும் 'முயற்சி செய்கிறேன்' என்று மங்கலாக. அதுவரை சர்வர் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர், சர்வர்தான் இன்றைய பிரச்சினை என்று நினைத்து அதைப் பற்றியே கேள்வி கேட்கத் தொடங்குவார். அங்கிருந்து பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

நாம் தமிழில் இப்படித்தான் பேசுகிறோம், அதில் தவறில்லை. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. 'மழை பெய்ததால் பஸ் கிடைக்காமல் நேரத்துக்கு வர முடியவில்லை' என்று காரணம் முன்னால் வந்து, முடிவு கடைசியில் விழுகிறது. தாமதத்தைச் சொல்லும்போது காரணத்தை முதலில் வைப்பது நமக்கு மரியாதையும்கூட. நேராக 'லேட்' என்று சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். ஆங்கில மீட்டிங்கில் காரணத்தை முன்னால் வைத்தால், சாக்குச் சொல்லப் போகிறார் என்று தோன்றிவிடும்.

அதே விஷயத்தை அந்த டெஸ்டர் இப்படிச் சொல்லலாம்:

"பேமெண்ட் டெஸ்டிங் இஸ் ஒன் டே லேட். ஐ வில் ஃபினிஷ் இட் பை தர்ஸ்டே நூன், யுவர் டைம். த டெஸ்ட் சர்வர் வாஸ் டவுன் யெஸ்டர்டே. இட் இஸ் பேக் அப் நவ். ஐ ஹேவ் ரன் ட்வெல்வ் கேசஸ் அவுட் ஆஃப் தர்ட்டி. டூ ஃபெயில்ட். ஐ நீட் ஒன் திங்: கேன் சம்ஒன் ரீசெட் த டெஸ்ட் கார்ட்ஸ் டுடே?"

நிலைமை முதல் வாக்கியம், தேதி இரண்டாவது. காரணத்துக்கு இரண்டு சின்ன வாக்கியம், எவ்வளவு ஆயிற்று என்பதற்கு எண், கடைசியாகத் தேவை. ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்திதான். 'ஸோ', 'தென்' என்று கோத்துக்கொண்டே போகாமல் முற்றுப்புள்ளி வைத்து நிறுத்துங்கள். நீளமான வாக்கியத்தில்தான் இலக்கணம் சறுக்கும். ஏழு வார்த்தையில் சறுக்க இடமே இல்லை.

மீட்டிங்குக்குக் கால் மணி நேரம் முன்னால் இதை ஐந்தாறு வரிகளாக ஒரு தாளில் எழுதுங்கள். தமிழில் யோசித்து மொழிபெயர்க்க வேண்டாம். 'நிலைமை, தேதி, காரணம், எண், தேவை' என்று இடதுபக்கம் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் நேராக ஒரு வரி எழுதுங்கள். முதல் வாரம் அதைப் பார்த்தே படிக்கலாம், கேமராவில் தெரிந்தாலும் பரவாயில்லை. இரண்டாம் வாரம் வரிகளை விட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வார்த்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து எண்களும் தேதியும் மட்டும் தாளில் இருந்தால் போதும். முழுவதையும் மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. நடுவில் ஒருவர் குறுக்கே கேள்வி கேட்டால் மனப்பாடம் அறுந்துவிடும், விட்ட இடத்தைப் பிடிக்க முடியாது.

அடிக்கடி வரும் மூன்று பிழைகளை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள், முதல் இரண்டும் அந்த டெஸ்டரின் முதல் பேச்சிலேயே இருக்கின்றன. 'வியாழனுக்குள்' என்பதை நினைத்துக்கொண்டு 'விதின் தர்ஸ்டே' என்கிறோம், அங்கே 'பை தர்ஸ்டே' என்றுதான் சொல்ல வேண்டும். 'விதின்' என்பது 'விதின் டூ டேஸ்' என்று கால அளவோடு வரும். 'சாயங்காலம்தான் வந்தது' என்பது 'ஈவ்னிங் ஒன்லி இட் கேம்' ஆகிறது. 'இட் கேம் பேக் ஒன்லி இன் தி ஈவ்னிங்' என்று வினையை முன்னால் கொண்டுவாருங்கள். மூன்றாவது, நேற்று முடிந்ததற்கு 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் யெஸ்டர்டே' என்பது. 'நேற்று' என்று நேரம் சொல்லிவிட்டால் 'ஹேவ்' தேவையில்லை, 'ஐ கம்ப்ளீட்டட் இட் யெஸ்டர்டே' போதும். ஸ்டாண்ட்-அப்புக்கு இப்போதைக்கு இந்த அளவு இலக்கணம் போதுமானது.

அப்புறம் அந்த 'குட் ஆஃப்டர்நூன்'. நமக்கு மதியம், அவர்களுக்குக் காலை. 'ஹாய் ஆல்' என்றால் தீர்ந்தது. 'திஸ் மார்னிங்' என்று சொல்லும்போதும் யாருடைய காலை என்ற குழப்பம் வரும், அதனால் 'மை மார்னிங்', 'யுவர் டைம்' என்று சேர்த்துச் சொல்லும் பழக்கம் நல்லது. அவர்கள் 'ஹாஃப் சிக்ஸ்' என்றால் ஆறரை மணி, ஐந்தரை அல்ல.

போனில் பதிவு செய்து கேளுங்கள்

எழுதியதை வாய்விட்டுச் சொல்லி, போனில் உள்ள வாய்ஸ் ரெக்கார்டரில் பதிவு செய்யுங்கள். நேரம் பாருங்கள். மேலே உள்ள திருத்திய பேச்சைச் சாவகாசமாகச் சொன்னால் அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். 20 விநாடியில் முடித்துவிட்டால் வேகம் அதிகம். பயத்தில் எல்லோரும் வேகமாகத்தான் போவோம். வேகத்தைக் குறைக்க ஒவ்வொரு சொல்லையும் இழுக்க வேண்டியதில்லை. வாக்கியம் முடிந்த இடத்தில் ஒரு மூச்சு விடுங்கள், அதுவே போதும்.

பதிவைக் கேட்கும்போது உச்சரிப்பு முழுவதையும் திருத்த முயல வேண்டாம். தமிழ் உச்சரிப்பு வாடை இருப்பதில் ஒரு குறையும் இல்லை. எது பொருளை மாற்றுகிறதோ அதை மட்டும் பிடியுங்கள்.

முதலாவது, சொல்லின் கடைசி. 'ஃபிக்ஸ்ட்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் கடைசி ஒலியை விழுங்கிவிட்டால் 'ஐ ஃபிக்ஸ்' ஆகிவிடும். முடித்துவிட்டாரா, முடிக்கப் போகிறாரா என்பது கேட்பவருக்குத் தெரியாது. ஸ்டாண்ட்-அப்பில் இதைவிடப் பெரிய குழப்பம் இல்லை. 'ஐ ஃபிக்ஸ்ட் இட்', 'ஐ டெஸ்டட் இட்' என்று பின்னால் ஓர் 'இட்' போட்டுச் சொல்லிப் பாருங்கள். அடுத்து உயிரெழுத்து வருவதால் விழுங்கிய ஒலி தானாக வெளியே வரும். இன்னொரு பழக்கம், சொல்லின் கடைசியில் ஒரு உகரத்தைச் சேர்த்து 'ஃபிக்ஸு', 'ஹெல்ப்பு' என்பது. நாம் தமிழில் 'பஸ்ஸு', 'பேங்கு' என்று சொல்லும் பழக்கம்தான் அது. பதிவில் கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, நம் எழுத்து காட்டாத வேறுபாடு. மூட்டை கட்டுவதும் 'பேக்', முதுகும் 'பேக்'. இதை எழுதும்போது எனக்கே இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட வழியில்லை, ஏனென்றால் தமிழில் இரண்டுக்கும் ஒரே பகரம். ஆங்கிலத்தில் முதலாவது சொல் உதட்டிலிருந்து காற்று வெடித்துக்கொண்டு வரும். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லுக்குக் காற்று கையில் பட வேண்டும், இரண்டாவதற்குப் பட வேண்டியதில்லை. காற்றில்லாமல் சொன்னால் ஆங்கிலேயர் காதில் முதல் சொல்லும் இரண்டாவதாகவே விழும். 'போர்ட்', 'பேட்ச்', 'பில்ட்' எல்லாம் தினமும் வருகிற வேலைச் சொற்கள், அவற்றை வைத்தே பழகுங்கள்.

மூன்றாவது, அழுத்தம். தமிழில் பெரும்பாலும் முதல் அசையில்தான் குரல் ஊன்றும். அதே பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் முதல் அசையில் அழுத்துகிறோம். 'டெவலப்' என்பதில் அழுத்தம் 'வெ'யில் விழ வேண்டும், 'கம்போனென்ட்' என்பதில் 'போ'வில், 'அனாலிசிஸ்' என்பதில் 'னா'வில். அழுத்தம் இடம் மாறினால், ஒலிகள் சரியாக இருந்தும் எதிராளிக்குச் சொல்லே பிடிபடாமல் போகும். உங்கள் வேலையில் திரும்பத் திரும்ப வரும் பதினைந்து சொற்களைப் பட்டியல் போட்டு, கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையதளத்தில் ஒவ்வொன்றையும் கேளுங்கள். பிரிட்டன், அமெரிக்கா என்று இரண்டு உச்சரிப்புக்கும் தனித்தனிப் பொத்தான் இருக்கும். கிளையன்ட் எந்த நாடோ அதை அழுத்துங்கள்.

எண்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் மோசமான லைனில் ஒன்றாகவே கேட்கும், இது ஆங்கிலேயர்களுக்குள்ளேயே நடப்பது. 'ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்' என்று இரண்டாகச் சொல்லிவிடுங்கள். 'டூ லாக் ரெக்கார்ட்ஸ்' என்றால் அவர்களுக்குப் புரியாது, 'டூ ஹண்ட்ரட் தவுசண்ட்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

'யெஸ்' என்று சொல்வதற்கு முன்னால்

சொல்லிக்கொண்டிருந்தது எல்லாம் நாம் பேசுவது. உண்மையான ஆபத்து அவர்கள் கேள்வி கேட்கும்போதுதான், அதிலும் எதிர்மறைக் கேள்வி.

"ஸோ யூ ஹேவ்ன்ட் டெப்ளாய்ட் இட் யெட்?" என்று கேட்கிறார். 'இன்னும் பண்ணலையா?' என்று யாராவது தமிழில் கேட்டால் நாம் சொல்வது 'ஆமா, பண்ணல'. நீங்கள் சொன்னது சரி, நான் செய்யவில்லை என்று பொருள். அதே வேகத்தில் ஆங்கிலத்திலும் 'யெஸ்' என்று வந்துவிடும். ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் கேள்வியைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கின்றன. செய்திருந்தால் 'யெஸ்', செய்யவில்லை என்றால் 'நோ', கேள்வி எப்படி வந்தாலும் சரி. 'யெஸ்' என்று கேட்ட கிளையன்ட், வேலை ஆகிவிட்டது என்று நினைத்து மேலிடத்தில் சொல்லிவிடலாம். இந்த ஒரு சொல்லால் சாயங்காலம் வரும் மெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சில விநாடியில் விதியை யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் தனியாக 'யெஸ்', 'நோ' சொல்வதையே விட்டுவிடுங்கள். நடந்ததை முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: "நாட் யெட். ஐ வில் டெப்ளாய் இட் டுடே." அல்லது "இட் இஸ் டன்." இதில் தவறாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை. 'டூ யூ மைண்ட் இஃப் வீ மூவ் த கால் டு த்ரீ?' என்பதும் இதே வகைதான். ஒப்புக்கொள்வதாக நினைத்து 'யெஸ்' என்றால், எனக்கு ஆட்சேபணை உண்டு என்று பொருளாகிவிடும். 'தட் இஸ் ஃபைன்' என்று முடித்துவிடலாம்.

இதற்கு நெருக்கமான இன்னொன்று, நம் 'சரி சரி'. ஒருவர் பேசும்போது 'ம்', 'சரி' என்று இடையிடையே சொல்வது தமிழில் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு அடையாளம். கிளையன்ட் பேசும்போது அது 'ஓகே, ஓகே' என்று மாறி வெளியே வரும். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். 'வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்' என்று பின்னால் வரும் சண்டைகளில் பலவும் இங்கிருந்து கிளம்புகின்றன. அவர் பேசும்போது சும்மா கேளுங்கள், அல்லது 'ஐ ஸீ' என்று சொல்லுங்கள். முடித்ததும் உங்கள் பதிலைத் தனியாகச் சொல்லுங்கள்: "ஐ அண்டர்ஸ்டாண்ட் த ரிக்வெஸ்ட். ஃப்ரைடே இஸ் நாட் பாஸிபிள். மண்டே இஸ்." கேமராவில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதையும் நம்ப வேண்டாம், அது ஆமாவா இல்லையா என்று வெளிநாட்டவர் பலருக்குத் தெரிவதில்லை.

புரியாதபோது

'பார்டன்?' என்று கேட்டால் அவர் அதே வேகத்தில் முழுவதையும் திரும்பச் சொல்வார். இரண்டாம் முறையும் புரியாது, மூன்றாம் முறை கேட்க நமக்குக் கூச்சம். அதற்குப் பதிலாகப் புரிந்த பாதியைச் சொல்லி, விட்டுப்போன பாதியை மட்டும் கேளுங்கள்: "ஐ காட் த பார்ட் அபௌட் ரீஃபண்ட்ஸ். வாட் வாஸ் த டேட்?" அவர் தேதியை மட்டும் சொல்வார், அதுவும் நிறுத்தி. எதுவுமே புரியவில்லை என்றால், அவர் கேட்பது இதுவாக இருக்கும் என்று நினைப்பதைச் சொல்லிச் சரிபார்க்கலாம்: "ஆர் யூ ஆஸ்கிங் வென் த டெஸ்டிங் வில் ஃபினிஷ்?" உங்கள் ஊகம் தப்பாக இருந்தாலும் அவர் வேறு சொற்களில் கேட்பார், நமக்கு வேண்டியதும் அதுதான்.

கேள்வி புரிந்து, விடை தெரியாவிட்டால்: "லெட் மீ செக். ஐ வில் ரிப்ளை பை டுவெல்வ், யுவர் டைம்." நேரம் சொல்லாத 'லெட் மீ செக்' தட்டிக்கழிப்பாகத்தான் தெரியும். 'ஐ ஹேவ் எ டவுட்' என்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நமக்கு அது சந்தேகம் கேட்பது, அவர்களுக்கு நீங்கள் சொல்வதை நம்பவில்லை என்பது. 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' போதும்.

காதைப் பழக்க வேறு வழி தேடி அலைய வேண்டாம். உங்கள் டீம் மீட்டிங்கைப் பதிவு செய்யும் வழக்கம் இருந்தால், அலுவலகக் கணினியிலேயே அதைத் திறந்து, உங்களுக்கு மிகவும் கஷ்டமான அந்த ஒரு ஆளின் பேச்சில் ஒரு நிமிடத்தை மட்டும் எடுங்கள். ஒருமுறை கேளுங்கள், இரண்டாம் முறை அவரோடு சேர்ந்தே முணுமுணுங்கள். அவர் எந்தச் சொல்லை விழுங்குகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்பது வாய்க்குத்தான் முதலில் தெரியும். சினிமா பார்த்துப் பழகுவதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் நாளைக்கும் பேசப்போவது அவர்தான். பதிவை உங்கள் சொந்தப் போனுக்கு மாற்றாதீர்கள், பெரும்பாலான நிறுவனங்களில் அது விதிமீறல்.

நடுவில் நுழைவது

உங்கள் முறை வரும்போது பேசுவது ஒன்று, யாரும் கூப்பிடாதபோது பேசுவது இன்னொன்று. முதல் மூன்று வாரம் இதை ஒத்திப்போட்டாலும் தப்பில்லை. தொடங்கும்போது, பேசுகிறவர் முழுவதுமாக நிறுத்தும் வரை காத்திருந்தால் வாய்ப்பே வராது, லைன் தாமதத்தில் வேறொருவர் புகுந்துவிடுவார். அவர் மூச்சு விடும் இடத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, 'கேன் ஐ ஆட் ஒன் திங்?' என்று கேளுங்கள். பெயரைக் கேட்டால் ஆள் நின்றுவிடுவார். சொல்லப்போவது உண்மையாகவே ஒரு விஷயமாக இருக்கட்டும், ஒரே வாக்கியத்தில். 'சாரி டு டிஸ்டர்ப்' என்று ஆரம்பிக்க வேண்டாம், மீட்டிங்கில் பேசுவது தொந்தரவு இல்லை.

டீமில் தமிழ் பேசுகிறவர்கள் பலர் இருந்தால் ஒரு பழக்கம் வந்துவிடும்: கிளையன்ட் கேள்வி கேட்டதும் மியூட் போட்டுக்கொண்டு தமிழில் பேசி முடிவெடுத்து, லீட் மட்டும் பதில் சொல்வது. வேலைக்கு அது வசதிதான். ஆனால் அப்படியே மூன்று வருடம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் குரலைக் கிளையன்ட் கேட்டதே இல்லை. என் வேலையைப் பற்றிய கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன் என்று லீடிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். தடுமாறினால் அவர் பக்கத்தில்தான் இருக்கிறார்.

மீட்டிங் முடிந்ததும், ஞாபகம் இருக்கும்போதே, டீம் சாட்டில் மூன்று வரி போடுங்கள்: நீங்கள் ஒப்புக்கொண்ட வேலை, தேதி, யாரிடமிருந்து உங்களுக்கு என்ன வர வேண்டும். நீங்கள் புரிந்துகொண்டது தவறாக இருந்தால் அவர்கள் அங்கேயே திருத்துவார்கள். திருத்தி வரும் வரியில் அவர்கள் எந்தச் சொற்களைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதே வேலையைப் பற்றி நாளைக்குப் பேசும்போது அந்தச் சொற்களையே உங்கள் தாளில் எழுதிக்கொள்ளலாம்.